கோஸ்தா ரிக்காவில் வழி கேட்பதும் சொல்வதும்: "300 வடக்கு, 75 மேற்கு" என்றால் எங்கே போய் நிற்பது?

வைகை_மீரா
வணக்கம். வேலைக்காக கோஸ்தா ரிக்காவில் எரேதியா ஊருக்கு வந்திருக்கிறேன். அடிப்படை ஸ்பானிஷ் தெரியும். கடையில் பேசுவேன், பேருந்தில் பேசுவேன், சமாளித்துவிடுவேன். ஆனால் வழி விஷயத்தில் மட்டும் தலை சுற்றுகிறது. இங்கே வீட்டுக்கு எண் கிடையாது, தெருப் பெயரை யாரும் சொல்வதில்லை.

வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போனேன். உரிமையாளர் அம்மா அனுப்பிய முகவரி இது: "தெல் ஃபோர்த்தீன், த்ரேஸ்சியெந்தோஸ் நோர்த்தே, செத்தெந்தா இ சிங்கோ ஓஎஸ்தே, போர்த்தோன் வெர்தே, மானோ இஸ்கியெர்தா." அதாவது ஃபோர்த்தீன் கோபுரத்திலிருந்து 300 வடக்கு, 75 மேற்கு, பச்சை கேட், இடது கைப்பக்கம். வார்த்தைகள் எல்லாம் புரிந்தன. போனில் மீட்டர் அளந்துகொண்டே வடக்கே நடந்தேன். 300 வந்ததும் நின்றேன். அது ஒரு தெருவின் நடுப்பகுதி. மேற்கே திரும்ப அங்கே வழியே இல்லை.

அங்கிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன். மிக அன்பாக, மிக வேகமாக ஏதோ சொன்னார். "தெவுவெல்வாசே", "எஸ்கினா", "சிங்குவெந்தா" இவ்வளவுதான் காதில் விழுந்தது. இதை எப்படிப் பழகுவது? எனக்கு வழி கேட்கவும் தெரிய வேண்டும், சாப்பாடு கொண்டு வருபவருக்கு என் வீட்டு வழியைச் சொல்லவும் தெரிய வேண்டும்.

ராகவ்_மாட்ரிட்
இதற்கு ஏன் இவ்வளவு கவலை? ஸ்பானிஷில் வழிக்கு ஐந்தாறு சொற்கள் போதும். தோதோ ரெக்தோ என்றால் நேராக. ஆ லா தெரேச்சா வலது, ஆ லா இஸ்கியெர்தா இடது. ரோத்தோந்தா, அதாவது ரவுண்டானா வந்தால் எத்தனையாவது சலீதாவில், அதாவது எத்தனையாவது வழியில் வெளியேற வேண்டும் என்று சொல்வார்கள். "கோஹா லா செகுந்தா ஆ லா தெரேச்சா", இரண்டாவது தெருவில் வலது பக்கம் போ, அவ்வளவுதான். நான் ஸ்பெயினில் பல ஊர்களில் இதை வைத்தே சுற்றியிருக்கிறேன். 300 மீட்டர் என்றால் 300 மீட்டர்தான், உங்கள் போன் தப்பாக அளந்திருக்கும்.

கவின்87
லொகேஷன் அனுப்பச் சொன்னால் முடிந்தது. எந்த மேப்பை இணையம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்பதுதான் கேள்வி என்றால், கிளம்பும் முன் அந்த ஊர் மேப்பைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் எங்கே போனாலும் அதைத்தான் செய்கிறேன்.

வைகை_மீரா
கவின், மேப் இருக்கிறது. அதில் போட ஒரு முகவரி இல்லை என்பதுதான் பிரச்சினை. லொகேஷன் அனுப்புகிறவர்கள் அனுப்புகிறார்கள். ஆனால் மருந்துக்கடைக்காரர், டாக்சிக்காரர், பக்கத்து வீட்டு அம்மா எல்லாரும் வாயால்தான் சொல்கிறார்கள். அலுவலகத்தில் கொடுத்த படிவத்தில்கூட மாகாணம், காந்தோன், திஸ்த்ரீத்தோ எல்லாம் எழுதிய பிறகு "ஓத்ராஸ் சேன்யாஸ்", பிற அடையாளங்கள் என்று ஒரு பெரிய இடம் காலியாக இருந்தது. அதில் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை.

சான்ஹோசே_செல்வம்
மீரா, அந்த "ஓத்ராஸ் சேன்யாஸ்" இடத்தில் எழுத வேண்டியதுதான் இங்கே உண்மையான முகவரி. அந்த அம்மா அனுப்பியதை அப்படியே அங்கே எழுதலாம். நான் இங்கே பல வருடங்களாக இருக்கிறேன், என் வீட்டுக்கு வரும் கடிதங்களும் இப்படித்தான் வருகின்றன.

முதலில் உங்கள் போன் தப்பாக அளக்கவில்லை. ராகவ் சொல்வது ஸ்பெயினுக்குச் சரி, இங்கே பொருந்தாது. கோஸ்தா ரிக்காவில் முகவரியில் வரும் 100 மீட்டர் என்பது அளந்த நீளம் இல்லை, ஒரு குவாத்ரா, அதாவது ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை. அந்தத் துண்டு நிஜத்தில் 80 மீட்டராக இருந்தாலும் 120 ஆக இருந்தாலும் முகவரியில் அது 100தான். பெரியவர்கள் சிலர் இன்னும் "சியென் வாராஸ்" என்பார்கள். வாரா பழைய ஸ்பானிய அளவு, 84 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 100 வாரா என்றால் சுமார் 84 மீட்டர், பழைய ஊர்களில் ஒரு தெருத்துண்டு ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். பிறகு வாரா போய் மீட்டர் வந்தது, எண்ணை மாற்றவில்லை.

அதனால் போனைப் பையில் போட்டுவிட்டு மூலைகளை எண்ணுங்கள். உங்கள் முகவரியை இப்படி நடக்க வேண்டும். ஃபோர்த்தீன் முன்னால் நின்று வடக்கே பாருங்கள். மூன்று தெருத்துண்டு, அதாவது மூன்றாவது மூலை வரை. அங்கே மேற்கே திரும்ப வேண்டும். வடக்கே நடந்து வந்ததால் மேற்கு உங்கள் இடக்கைப் பக்கம். இனி 75. அது முக்கால் துண்டு. 25 என்றால் மூலையைத் தாண்டிய உடனே, 50 என்றால் நடுவில், 75 என்றால் அடுத்த மூலைக்குக் கொஞ்சம் முன்னால். "மானோ இஸ்கியெர்தா" என்பது நடக்கிறவரின் இடது. நீங்கள் மேற்கே நடக்கிறீர்கள், ஆகவே வீடு தெருவின் தெற்கு வரிசையில் இருக்கும். யாராவது எதிர்ப்பக்கத்திலிருந்து டாக்சியில் வந்தால் அதே வீடு அவருக்கு வலது பக்கம். இதைக் கவனிக்காமல்தான் பலர் எதிர்வீட்டு மணியை அடிக்கிறார்கள்.

நீங்கள் 300 மீட்டர் அளந்து நின்ற இடம் நான்காவது துண்டுக்குள் போயிருக்கும். பாட்டி சொன்ன "தெவுவெல்வாசே" என்றால் திரும்பி வந்த வழியே போங்கள் என்று அர்த்தம். "சிங்குவெந்தா" என்றது 50, அரைத் துண்டு. அரைத் துண்டு பின்னால் போனால் மூலை வரும் என்றிருக்கிறார். அவர் சொன்னது முழுக்கச் சரி.

ராகவ்_மாட்ரிட்
சரி, இது எனக்குப் புதுச் செய்தி. ஆனால் இடது வலது தெரிந்தால் எங்கேயும் பிழைக்கலாம் என்பதில் மாற்றமில்லையே.

அருணா_கேரேதாரோ
ராகவ், அந்த இடது வலதிலேயே மெக்சிகோவில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்பெயினில் நேராகப் போ என்பதற்கு ரெக்தோ என்பீர்கள். இங்கே "சீகா தெரேச்சோ" என்பார்கள். வலது பக்கம் என்பதற்கு "ஆ லா தெரேச்சா". கடைசி உயிரெழுத்து ஒன்றுதான் வித்தியாசம், தெருச் சத்தத்தில் அது காதில் விழாது. நான் கடைசி எழுத்தைக் கேட்க முயல்வதை விட்டுவிட்டேன். அதற்கு முன்னால் "ஆ லா" அல்லது "ஆ மானோ" வருகிறதா என்று மட்டும் கேட்பேன். வந்தால் திரும்ப வேண்டும், வராவிட்டால் நேராகப் போக வேண்டும். இதுவரை என்னைக் கைவிட்டதில்லை.

இன்னொன்று. உங்கள் "கோஹா லா செகுந்தா" என்ற வாக்கியத்தை மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் சொல்லாதீர்கள். ஸ்பெயினில் அந்த வினை சாதாரணம், இங்கே அது ஆபாசம். "தோமே" என்று சொன்னால் எந்த நாட்டிலும் தவறில்லை.

பொகோட்டா_பாலா
எங்கள் ஊரில் இந்தக் குழப்பமே இல்லை. முகவரி "Calle 45 # 13-20" என்று இருந்தால், 45ஆம் காய்யேவில், 13ஆம் கர்ரேராவைத் தாண்டி ஏறக்குறைய 20 மீட்டரில் வாசல். இது நிஜ மீட்டர். கர்ரேரா வடக்கு தெற்காகவும் காய்யே கிழக்கு மேற்காகவும் ஓடும். கிழக்கே மலைத்தொடர், மொன்செர்ராத்தே கோயில் மேலே தெரியும். மலையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வடக்கு, அந்தப் பக்கம் போகப் போக காய்யே எண் ஏறும். மலையை விட்டு விலகப் போனால் கர்ரேரா எண் ஏறும். வழி கேட்காமலே நடக்கலாம்.

வைகை_மீரா
பாலா, கேட்கவே பொறாமையாக இருக்கிறது.

செல்வம் அண்ணா, நீங்கள் சொன்னபடி மூலையை எண்ணிப் போனேன், பச்சை கேட் கிடைத்துவிட்டது. வீடு பிடித்திருக்கிறது, வந்துவிடுவேன். ஆனால் அந்த ஃபோர்த்தீனிலிருந்து வடக்கு எது என்று தெரிந்தது மேப்பைப் பார்த்ததால்தான். மற்ற இடங்களில் இவர்கள் நோர்த்தே, சூர் என்கிறபோது எந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை. வெயிலை வைத்துப் பார்க்கலாம் என்றால் மழைக்காலத்தில் பிற்பகல் முழுக்க மேகம்.

சான்ஹோசே_செல்வம்
மீரா, நீங்கள் மதுரைப் பக்கம் என்று பெயரிலேயே தெரிகிறது. எரேதியாவும் மதுரையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, இரண்டுமே 10 டிகிரி வடக்கு. அதனால் உச்சி வெயிலை நம்ப வேண்டாம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும், மற்ற மாதங்களில் தெற்கே. காலையும் மாலையும் மட்டும் உதவும்.

எரேதியாவில் தரையே சொல்லிவிடும். ஊர் பார்வா எரிமலையின் தெற்குச் சரிவில் இருக்கிறது. தெரு மேலே ஏறினால் பெரும்பாலும் வடக்கு, இறங்கினால் தெற்கு. அதனால்தான் மக்கள் "சூபா தோஸ்சியெந்தோஸ்" என்பார்கள், 200 ஏறு என்று. "பாஹே" என்றால் இறங்கு. சான் ஹொசேவுக்கு வந்தால் எஸ்காசு மலைகள் தெற்கே தெரியும்.

மேகம் மூடினாலும் உதவுவது கோயில். இங்கே பழைய கத்தோலிக்கக் கோயில்களின் வாசல் மேற்குப் பார்த்திருக்கும், பலிபீடம் கிழக்கே. எரேதியா பெரிய கோயில் பார்க்கின் கிழக்கே நின்று மேற்கே பார்க்கிறது. சான் ஹொசே கதீட்ரலும் அப்படியே. தெரியாத ஊருக்குப் போய் இறங்கினால் நான் முதலில் கோயில் வாசலில் முதுகை வைத்து நிற்பேன். எதிரே மேற்கு, வலக்கை வடக்கு. பிறகுதான் வழி கேட்பேன். கேட்கும்போதே திசை தெரிந்திருந்தால் பாதி புரிந்த மாதிரி.

பொகோட்டா_பாலா
எல்லாக் கோயிலும் அப்படி என்று நம்பிப் போகலாமா?

சான்ஹோசே_செல்வம்
எல்லாம் இல்லை. புதிதாகக் கட்டியவை நிலம் எப்படிக் கிடைத்ததோ அப்படி நிற்கும், சுவிசேஷச் சபைகளுக்கு இந்த வழக்கமே கிடையாது. பார்க்குக்கு எதிரே இருக்கும் பழைய கோயில் என்றால் நம்பலாம், அப்போதும் ஒரு தடவை யாரிடமாவது "நோர்த்தே?" என்று கையைக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

சான் ஹொசே நடுப்பகுதிக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு. அங்கே தெருப் பலகை இருக்கிறது. அவெனீதா கிழக்கு மேற்காக ஓடும், காய்யே வடக்கு தெற்காக ஓடும். அவெனீதா சென்த்ராலுக்கு வடக்கே ஒற்றைப்படை எண்கள், தெற்கே இரட்டைப்படை. காய்யே சென்த்ராலுக்குக் கிழக்கே ஒற்றை, மேற்கே இரட்டை. அவெனீதா 3, அடுத்தது 5, அடுத்தது 7 என்று வந்தால் வடக்கே போகிறீர்கள். பலகையைப் பார்த்து நடக்கலாம், ஆனால் அந்த எண்ணைச் சொல்லி உள்ளூர்க்காரரிடம் வழி கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

யாழ்_குமரன்
இந்த இழையை இப்பதான் பார்த்தேன். நான் ரொறன்ரோவில் இருக்கிறேன், ஒரு தொண்டு வேலைக்காக நிக்கராகுவாவில் மனாகுவாவுக்குப் போய் வந்தனான். உங்கட ஊரிலாவது வடக்கு தெற்கு என்று சொல்லினம். மனாகுவாவில் வடக்குக்கு "ஆல் லாகோ", ஏரிப் பக்கம். ஊரின் வடக்கே ஷொலோத்லான் ஏரி இருக்கிறது. கிழக்குக்கு "அர்ரீபா", மேலே. மேற்குக்கு "அபாஹோ", கீழே. மேலே என்றதும் நான் மேட்டுப் பக்கம் பார்த்தேன், அவை சூரியன் எழும்பும் பக்கத்தைச் சொல்லியிருக்கினம். தெற்கு மட்டும் சூர்தான்.

அதைவிடக் கஷ்டம், வழி தொடங்கும் இடமே இப்ப இல்லை. 1972 டிசம்பர் 23ஆம் திகதி வந்த நிலநடுக்கத்தில் நகரின் நடுப்பகுதி முழுக்க விழுந்துபோனது. அதற்குப் பிறகும் பழைய கட்டடங்களை வைத்தே வழி சொல்லினம். "தெ தோந்தே ஃபுவே" என்று தொடங்கினால், முன்பு அது இருந்த இடத்திலிருந்து என்று அர்த்தம். அந்தக் கட்டடத்தைப் பார்த்தேயிராத இளம் ஆட்களும் அப்படியே சொல்லினம். கோஸ்தா ரிக்காவிலும் இப்படி உண்டா?

சான்ஹோசே_செல்வம்
உண்டு குமரன். "ஆந்தீகுவோ", அதாவது பழைய என்று தொடங்கினால் உஷாராகிவிட வேண்டும். சான் பேத்ரோவில் ஒரு பெரிய இகெரோன் மரம் இருந்தது, ஆலமர இனம். மரம் போய் நெடுநாள் ஆகிவிட்டது, இன்றும் "தெல் ஆந்தீகுவோ இகெரோன்" என்றுதான் முகவரி தொடங்குகிறது. சான் ஹொசேவில் கோக்க கோலா என்று ஒரு பேருந்து நிலையப் பகுதி இருக்கிறது. முன்பு அங்கே குளிர்பானம் புட்டியில் அடைக்கும் ஆலை இருந்ததால் அந்தப் பெயர். ஆலையைத் தேடினால் கிடைக்காது. இந்த மாதிரி இடத்துக்கு ஒரே கேள்விதான், "இப்போது அங்கே என்ன இருக்கிறது?" "கே ஆய் ஆஓரா ஆயி?" என்று கேளுங்கள். உடனே ஒரு வங்கியோ மருந்துக்கடையோ சொல்வார்கள்.

மீராவுக்கு இன்னும் சில சொற்கள், பாடப்புத்தகத்தில் இருப்பதற்கும் இங்கே பேசுவதற்கும் வித்தியாசம் இருப்பவை. "போம்பா" என்றால் பெட்ரோல் பங்க். "புல்பெரியா" பெட்டிக்கடை. "ப்ளாசா" என்றால் சதுக்கத்தைத் தேடாதீர்கள், கிராமங்களில் அது கால்பந்து மைதானம். "ஆல்த்தோ" என்றால் நிறுத்தப் பலகை இருக்கும் மூலை, பலகையிலேயே அந்தச் சொல்தான் எழுதியிருக்கும். "தெஸ்புவேஸ் தெல் முவெர்த்தோ", செத்தவனைத் தாண்டி என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம், அது வேகத்தடை. "ஆஸ்தா தோப்பார்" என்றால் தெரு முட்டுகிற இடம் வரை.

வைகை_மீரா
முவெர்த்தோவை நேற்றே ஒருவர் சொன்னார்! விபத்து நடந்த இடம் என்று நினைத்துவிட்டேன்.

அண்ணா, கேட்பதில் ஒன்று இன்னும் பிடிபடவில்லை. எஸ்தேயா, ஓஎஸ்தேயா என்று எனக்குப் பிரித்துக் கேட்க முடியவில்லை. அதோடு பேசும்போது நடுவில் "எஸ்தே... எஸ்தே..." என்று வேறு இழுக்கிறார்கள்.

சான்ஹோசே_செல்வம்
இது எல்லாருக்கும் வரும் சிக்கல். "எஸ்தே..." என்று இழுப்பது, நாம் "வந்து..." என்று யோசிப்பது மாதிரி. அதற்குத் திசைப் பொருள் இல்லை. திசையாக வரும்போது முன்னால் எண் இருக்கும், அல்லது "ஆல்" ஒட்டியிருக்கும். கிழக்கு "அலெஸ்தே" என்று சேர்ந்து ஒலிக்கும், மேற்கு "அலோஎஸ்தே" என்று ஓர் ஓகாரம் கூடுதலாக வரும். அந்த ஓகாரம் காதில் விழாவிட்டால் ஊகிக்காதீர்கள். கையை நீட்டி "பாரா ஆயா?" என்று கேளுங்கள், அந்தப் பக்கமா என்று. கை பொய் சொல்லாது.

எண்ணிலும் ஒன்று கவனிக்க வேண்டும். இங்கே "த்ர" என்ற ஒலியைச் சிலர் நாக்கைத் தேய்த்துச் சொல்வார்கள், "த்ரேஸ்" என்பது கிட்டத்தட்ட "ச்ரேஸ்" என்று கேட்கும். எண் அப்படித் தொடங்கினால் அது 300 என்று பழகிக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், கேட்க வேண்டியவை மிகக் குறைவு. பாட்டி எத்தனை வாக்கியம் பேசினாலும் உள்ளே இருப்பது தொடங்கும் இடம், ஓர் எண்ணும் திசையும், பெரும்பாலும் இன்னோர் எண்ணும் திசையும், கடைசியில் வீட்டின் அடையாளம். அந்த வரிசை மாறாது. எண்களும் 25, 50, 75, 100, 125, 150, 200 என்று இருபத்தைந்தின் மடங்குகள்தான். 60, 70 எல்லாம் நகரத்துக்குள் வராது. செத்தெந்தா என்று கேட்டால் கட்டாயம் 75தான். ஆகவே மற்ற சொற்களை ஓட விட்டுவிட்டு எண்ணுக்கும் திசைக்கும் மட்டும் காத்திருங்கள்.

முடித்ததும் திருப்பிச் சொல்லுங்கள். "என்தோன்செஸ், தோஸ்சியெந்தோஸ் ஆல் நோர்த்தே இ சிங்குவெந்தா ஆல் எஸ்தே, வெர்தாத்?" தப்பாக இருந்தால் அவரே வெட்டித் திருத்துவார்.

ராகவ்_மாட்ரிட்
திருப்பிச் சொன்னாலும் ஆமாம் என்றே சொல்லிவிடுவார்கள். லத்தீன் அமெரிக்காவில் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள், தெரியாத வழியைக்கூடக் காட்டி அனுப்பிவிடுவார்கள் என்று என் நண்பர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

அருணா_கேரேதாரோ
மெக்சிகோவில் நானும் இதைப் பார்த்திருக்கிறேன். ஏமாற்ற நினைத்து அல்ல, கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது. அதனால் நான் "இந்த வழிதானே?" என்று கேட்க மாட்டேன். "எஸ் போர் ஆகி?" என்று கேட்டால் "சீ" என்ற பதில்தான் வரும். "போர் தோந்தே கேதா?", எந்தப் பக்கம் இருக்கிறது என்று திறந்து கேட்டால் தெரிந்தவர் விவரமாகச் சொல்வார், தெரியாதவர் தடுமாறுவார். தடுமாறினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் கேட்பேன்.

சான்ஹோசே_செல்வம்
அருணா சொன்ன கேள்வி முறை அருமை. ஆனால் ஒரு கண்டம் முழுவதும் அப்படி என்பதை நான் ஏற்க மாட்டேன் ராகவ். எனக்கு "நோ சே, தீஸ்குல்பே" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இங்கே நிறையப் பேர். தவறான வழி என்று நாம் நினைப்பதில் பாதி, நாம் திசையைத் தவறாகக் கேட்டதால் வருவது.

ராகவ்_மாட்ரிட்
இருக்கலாம். எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

வைகை_மீரா
சரி, இப்போது சொல்வதற்கு வருகிறேன். குடிவந்த வீட்டுக்கு ஃபோர்த்தீனிலிருந்து வழி இருக்கிறது. ஆனால் சாப்பாடு கொண்டு வருகிறவர் வேறு ஊர்க்காரர், மேலே ஏதோ ஒரு பள்ளி வழியாக வருகிறார். "தெ லா எஸ்குவேலா, சியென் சூர்" என்று சொன்னேன். பள்ளியின் வடக்கு வாசலில் நின்றுகொண்டு போன் செய்கிறார். நான் சொன்னது தெற்கு மூலையிலிருந்து.

சான்ஹோசே_செல்வம்
பள்ளியே ஒரு முழுத் துண்டை அடைத்துக்கொண்டிருக்கும். எந்த மூலையிலிருந்து என்று சொல்லாவிட்டால் ஒரு துண்டு தள்ளிப் போகும். பெரிய கட்டடத்தை வைத்து வழி சொன்னால் மூலையையும் சேர்க்க வேண்டும். "தெ லா எஸ்கினா சூரெஸ்தே தெ லா எஸ்குவேலா", பள்ளியின் தென்கிழக்கு மூலையிலிருந்து. அல்லது "கொஸ்தாதோ சூர்", தெற்குப் பக்கம். மூலை சொல்லவில்லை என்றால் முன்வாசலிலிருந்து எண்ண வேண்டும் என்பது என் பழக்கம்.

யாழ்_குமரன்
இல்லை அண்ணை, நான் விசாரித்த கோஸ்தா ரிக்கா ஆட்கள் கிட்டே இருக்கும் மூலையிலிருந்து என்று சொன்னவை. போகிற திசைக்கு எது கிட்டவோ அது.

சான்ஹோசே_செல்வம்
அப்படிச் சொல்பவர்களும் உண்டு. என் மாமனார் ஒரு மாதிரி சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் வேறு மாதிரி சொல்வார். அதனால்தான் மூலையை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன்.

மீரா, எங்கிருந்து தொடங்குவது என்பதையும் யோசியுங்கள். பக்கத்துப் பெட்டிக்கடை உங்கள் தெருக்காரருக்குப் போதும். வெளியூர் ஓட்டுநருக்குக் கோயில், பள்ளி, பெட்ரோல் பங்க் போன்றவைதான் தெரியும். அதிலிருந்து மூன்று நான்கு துண்டுக்குள் இருந்தால் நல்லது, இரண்டு திருப்பத்துக்கு மேல் வேண்டாம். கடைசியில் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று. இரவு 6 மணிக்கே இருட்டிவிடும், அப்போது பச்சை கேட்டும் நீல கேட்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மாடி வீடா, மூலை வீடா, வாசலில் விளக்கு உண்டா என்று சொல்லுங்கள்.

அப்புறம், இங்கே முன்பின் தெரியாதவரிடம் மட்டுமல்ல, நண்பரிடம்கூட "உஸ்தெத்" என்றுதான் பலர் பேசுவார்கள். ஆகவே சீகா என்றால் தொடர்ந்து போங்கள், தோப்லே என்றால் திரும்புங்கள், சூபா என்றால் ஏறுங்கள் என்று மரியாதை வடிவங்களையே பழகினால் போதும். அவர் நன்றி சொன்னால் "தெ நாதா" என்பதைவிட "கோன் கூஸ்தோ" என்று சொல்வதுதான் இங்கே வழக்கம்.

வைகை_மீரா
எழுதிப் பார்த்தேன், திருத்துங்கள்: "தெ லா எஸ்கினா சூரெஸ்தே தெ லா எஸ்குவேலா, சியென் சூர் இ வெயின்தி சிங்கோ ஓஎஸ்தே. காசா தெ தோஸ் பீசோஸ், போர்த்தோன் வெர்தே, ஆ மானோ இஸ்கியெர்தா."

பள்ளியின் தென்கிழக்கு மூலையிலிருந்து 100 தெற்கு, 25 மேற்கு. மாடி வீடு, பச்சை கேட், இடது பக்கம்.

சான்ஹோசே_செல்வம்
நன்றாக இருக்கிறது. ஒன்றைச் சரிபாருங்கள். ஃபோர்த்தீனிலிருந்து வந்தால் மேற்கே முக்கால் துண்டு நடந்து இடது பக்கம், அதாவது தெற்கு வரிசை. பள்ளியிலிருந்து வந்தாலும் கடைசியில் மேற்கே நடக்கிறார்கள், ஆகவே இடதுதான், சரி. ஆனால் முதலில் அந்த வீடு மூலையிலிருந்து 75. இப்போது அதே தெருவில் 25 என்கிறீர்கள். தொடங்கும் மூலை வேறாக இருந்தால்தான் இது பொருந்தும். தெருவில் நின்று ஒரு முறை பாருங்கள்.

வைகை_மீரா
பார்த்துவிட்டு வந்தேன். பள்ளியின் தென்மேற்கு மூலைதான் என் தெருவுக்கு நேர் மேலே வருகிறது. அங்கிருந்து 100 தெற்கே இறங்கிக் கிழக்கே 25 நடக்க வேண்டும். கிழக்கே நடப்பதால் வீடு வலது பக்கம். "எஸ்கினா சூரோஎஸ்தே, சியென் சூர் இ வெயின்தி சிங்கோ எஸ்தே, ஆ மானோ தெரேச்சா" என்று மாற்றிவிட்டேன். ஃபோர்த்தீன் வழியும் இதுவும் இப்போது ஒரே வாசலுக்குத்தான் வருகின்றன.

சான்ஹோசே_செல்வம்
அதுதான் சரி. மேற்கு மூலையிலிருந்து 25, கிழக்கு மூலையிலிருந்து 75, இரண்டும் கூட்டினால் ஒரு துண்டு.

யாழ்_குமரன்
ஒரு கேள்வி அண்ணை. மலைப் பக்கம் வளைந்து வளைந்து போகிற ரோட்டில், மூலையே இல்லாத இடத்தில், 400 மீட்டர் என்று சொன்னால் அது எந்த மீட்டர்?

சான்ஹோசே_செல்வம்
அங்கே எண்ண மூலை இல்லாததால் சொல்பவரின் மதிப்பீடுதான். சிலர் அளந்த மாதிரி சொல்வார்கள், சிலர் நடந்த களைப்பை வைத்துச் சொல்வார்கள். பாலத்தையோ பள்ளியையோ கேட்டு வைத்துக்கொள்வதுதான் நான் செய்வது. மலைக் கிராமத்தில் இருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.